பேக் மாறியது, சேனல் போனது: கேபிள் ஆபரேட்டருக்கு எழுதும் புகார்க் கடிதம்

காசு கட்டி வாங்கிய சேனல் பேக்கேஜ் மாற்றத்துக்குப் பிறகு காணாமல் போனால், அதற்கான பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கேபிள் ஆபரேட்டருக்கு எழுதும் கடிதம் கணக்குப் புகாராக இருக்க வேண்டும். வீடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. "அண்ணே, ஸ்போர்ட்ஸ் சேனல் வரல" என்று போனில் சொல்வார்கள். "ரெஃப்ரெஷ் அடிச்சு விடுறேன், பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று பதில் வரும். சேனல் வராது. மறுபடி கேட்டால், "மேலேயே பேக்கை மாத்திட்டாங்க" என்பார் அவர். பேச்சு அதோடு நின்றுவிடும். மாதம் பிறந்ததும் அதே தொகையை வசூலிக்க ஆள் வருவார்.

அவர் "மேலே" என்று சொல்வது வெறும் சாக்கு அல்ல. கேபிள் இணைப்புக்குப் பின்னால் இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. வீட்டுக்கு ஒயர் இழுத்து, மாதாமாதம் பணம் வாங்குபவர் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர். சேனல்களை ஒளிபரப்பு நிறுவனங்களிடமிருந்து வாங்கி, பூட்டுப் போட்டு அனுப்புவது எம்.எஸ்.ஓ. எனப்படும் பெரிய நிறுவனம். வீட்டில் இருக்கும் செட்-டாப் பாக்ஸுக்கு ஒரு எண்ணும், அதில் உள்ள கார்டுக்கு வி.சி. எண் என்று இன்னொன்றும் உண்டு. எந்தெந்தச் சேனலுக்குப் பூட்டைத் திறப்பது என்பது எம்.எஸ்.ஓ.வின் கணினியில் அந்த வி.சி. எண்ணுக்கு எதிரே பதிந்திருக்கும். உள்ளூர் ஆபரேட்டருக்கும் அந்தக் கணினிக்குள் நுழைய ஒரு லாகின் கொடுத்திருப்பார்கள். பேக்கை மேலிருந்து மொத்தமாகவும் மாற்றலாம், தெருக்கோடியில் இருக்கும் ஆபரேட்டர் தன் போனிலிருந்தே ஒரு வீட்டுக்கு மட்டும் மாற்றலாம். யார் மாற்றினார் என்று சந்தாதாரரால் வீட்டிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கடிதத்தின் முகப்பில் உள்ளூர் ஆபரேட்டரின் பெயரும் எம்.எஸ்.ஓ.வின் பெயரும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் எழுதினால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிடுவார்.

கடிதம் எழுதும் முன், சேனல் ஏன் போனது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். மூன்றுக்கும் ஒரே கடிதம் செல்லாது.

முதலாவது, சிக்னல் கோளாறு. கேபிளில் பல சேனல்கள் ஒரே அலைவரிசையில் கட்டாக வருகின்றன. ஒயரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ பழுது இருந்தால் அந்தக் கட்டில் உள்ள இலவசச் சேனலும் கட்டணச் சேனலும் சேர்ந்தே போகும், அல்லது கட்டம் கட்டமாக உடையும். திரையில் சிக்னல் இல்லை என்ற பொருளில் செய்தி வரும். இது பழுது நீக்கும் விஷயம். இரண்டாவது, ஒளிபரப்பு நிறுவனத்துக்கும் எம்.எஸ்.ஓ.வுக்கும் இடையே விலைத் தகராறு. 2023 பிப்ரவரியில் நாடு முழுவதும் இப்படி நடந்தது. புதிய விலைக்கு ஒப்பந்தம் போடாத கேபிள் நிறுவனங்களுக்குச் சில பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் சேனல்களை நிறுத்திவிட்டன; பல நாள் கழித்தே திரும்பி வந்தன. அப்படி நேரும்போது ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே நிறுவனத்தின் சேனல்கள் ஒட்டுமொத்தமாகப் போயிருக்கும். மூன்றாவதுதான் இங்கே பேசப்படுவது. எதிர்வீட்டில் அதே எம்.எஸ்.ஓ. இணைப்பில் அந்தச் சேனல் ஓடுகிறது, இந்த வீட்டில் மட்டும் அந்த எண்ணை அழுத்தினால் சந்தா இல்லை என்று திரை சொல்கிறது, பக்கத்துச் சேனல்கள் பளிச்சென்று தெரிகின்றன என்றால் பூட்டு திறக்கப்படவில்லை என்று பொருள். சிக்னலில் குறையில்லை, கணக்கில்தான் மாற்றம் நடந்திருக்கிறது.

அந்தத் திரையைச் சேனல் எண் தெரியும்படி போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. பல பாக்ஸ்களில் மெனுவுக்குள் சந்தா விவரம் என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் இப்போது எந்த பேக் ஓடுகிறது, எந்தத் தேதிவரை என்று காட்டும். அந்தப் பக்கத்துக்கும் ஒரு படம் வேண்டும். பேக் மாறியதாக எஸ்.எம்.எஸ். வந்திருந்தால் அதை அழிக்கக் கூடாது. மாறிய தேதிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இனி உரிமை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 மார்ச்சில் அறிவித்து, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி சேனலைத் தேர்ந்தெடுப்பது பார்ப்பவரின் வேலை. ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் மாத விலை அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். தனிச் சேனலாகவும் வாங்கலாம், ஒளிபரப்பு நிறுவனம் கட்டித் தரும் தொகுப்பாகவும் வாங்கலாம். இவற்றோடு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று தனியாக உண்டு. மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும். ஒரு சேனலைத் தங்கள் நெட்வொர்க்கிலிருந்தே எடுக்கப்போகிறார்கள் என்றால் திரையின் அடியில் ஓடும் எழுத்தில் 15 நாள் முன்னதாகவே சொல்ல வேண்டும். எடுத்த நாளிலிருந்து அந்தச் சேனலின் விலையைச் சந்தாவில் குறைக்கவும் வேண்டும். சேனலே இல்லாமல் போகும்போது விலை குறைய வேண்டும் என்றால், சேனல் நெட்வொர்க்கில் ஓடிக்கொண்டிருக்க, கேட்காமலே ஒரு வீட்டுக்கு மட்டும் அதைப் பூட்டிவிட்டு முழுப்பணம் வாங்குவதற்கு இடமே இல்லை. கடிதத்தின் வாதம் இவ்வளவுதான். இதை இரண்டு வரியில் சொன்னால் போதும்; விதி எண்களை அடுக்க வேண்டியதில்லை.

அடுக்க வேண்டியது கணக்கை. பெரும்பாலான கடிதங்கள் தோற்பது இங்கேதான். "தகுந்த தொகையைக் கழித்துத் தரவும்" என்று எழுதினால் தகுந்தது எது என்று முடிவு செய்பவர் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் ஆகிவிடுகிறார். தொகையைக் கேட்பவரே போட்டுக் காட்ட வேண்டும்.

ஒரு வீட்டின் கணக்கை எடுத்துக்கொள்வோம். நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய். ஒரு தமிழ்த் தொகுப்பு 60 ரூபாய். தனியாகக் கேட்டு வாங்கிய மூன்று சேனல்கள்: விளையாட்டு 19, சினிமா 12, குழந்தைகளுக்கானது 6, ஆக 37 ரூபாய். எல்லாம் சேர்த்து 227. ஜி.எஸ்.டி. 40 ரூபாய் 86 காசு. மாதம் 267 ரூபாய் 86 காசு. வசூலுக்கு வருபவர் 270 என்று வாங்கிக்கொள்வார். ஜூன் மாதத்துக்கு ஒன்றாம் தேதியே பணம் கட்டியாயிற்று. ஜூன் 10 அன்று காலை தனியாக வாங்கிய மூன்று சேனல்களும் இல்லை. விசாரித்தால், எல்லோரையும் "ஃபேமிலி பேக்" என்ற புது பேக்குக்கு மாற்றியிருப்பதாகவும், அதில் முன்பைவிட 30 சேனல் அதிகம் என்றும் பதில் வருகிறது. அந்த முப்பதும் பெரும்பாலும் யாருக்கும் காசில்லாமல் கிடைக்கும் இலவசச் சேனல்கள். கேட்காத இலவசச் சேனலைக் கொடுத்ததை, காசு கொடுத்து வாங்கிய சேனலுக்கு ஈடாக வைக்க முடியாது.

போன மூன்று சேனல்களின் மாத விலை 37. அதற்குரிய ஜி.எஸ்.டி. 6 ரூபாய் 66 காசு. ஆக 43 ரூபாய் 66 காசு. ஜூன் 10 முதல் 30 வரை, பத்தாம் தேதியையும் சேர்த்து, 21 நாள். 43.66-ஐ முப்பதால் வகுத்து 21-ஆல் பெருக்கினால் 30 ரூபாய் 56 காசு. இது முடிந்துபோன மாதம். இந்தத் தொகை இனி மாறாது. ஜூலைக்கும் முழுப்பணம் கட்டியாகிவிட்டது, ஆனால் சேனல் என்றைக்குத் திரும்பும் என்று தெரியாது. அதனால் ஜூலைக்கு மொத்தத் தொகையைக் கேட்காமல் நாள் கணக்கைச் சொல்வதே சரி. 43.66-ஐ 31-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 1 ரூபாய் 41 காசு. ஜூலை 10 அன்று சேனல் வந்துவிட்டால் ஒன்பது நாளுக்கு 12 ரூபாய் 69 காசு; ஜூனையும் சேர்த்து 43 ரூபாய் 25 காசு.

இந்தக் கணக்கில் நெட்வொர்க் கட்டணத்தில் ஒரு பங்கைக் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கலாம். அது சேனல் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்கப்படுவதில்லை. ஒரு எண்ணிக்கை வரையிலான சேனல்களைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான மொத்தக் கட்டணம். 2020-இல் இருந்து 200 சேனல் வரை 130 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்தது. 2024-இல் டிராய் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை வேறுபடலாம். மூன்று சேனல் போனதற்காக அதில் பங்கு கேட்டால், நியாயமான மீதிக் கோரிக்கையும் அந்த வாக்குவாதத்தில் மாட்டிக்கொள்ளும்.

தொகுப்பின் கணக்கு இன்னும் சற்றுச் சிக்கலானது. காணாமல் போன சேனல் தனியாக வாங்கியதாக இல்லாமல் தொகுப்புக்குள் இருந்ததென்றால், அதன் தனி விலையைக் கேட்க முடியாது. தொகுப்பில் தள்ளுபடி உண்டு. 2022 நவம்பரில் வந்த திருத்தத்தின்படி அது 45 சதவீதம் வரை போகலாம். தனி விலைகளைக் கூட்டினால் 100 ரூபாய் வரும் சேனல்கள் தொகுப்பில் 60 ரூபாய்க்குக் கிடைத்திருக்கலாம். முழுத் தொகுப்பையும் எடுத்துவிட்டார்கள் என்றால் தொகுப்பின் விலையைக் கேட்கலாம். பெரிய தொகுப்பிலிருந்து சின்னத் தொகுப்புக்கு மாற்றியிருந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கலாம். ஒளிபரப்பு நிறுவனமே தன் தொகுப்பிலிருந்து ஒரு சேனலைக் கழற்றியிருந்தால் அது உள்ளூர் ஆபரேட்டரின் தவறு அல்ல. அப்போது தொகுப்பின் விலை குறைந்ததா, குறைந்த விலை பில்லில் வந்ததா என்று மட்டும் கேட்க வேண்டும்.

கேட்கவே இடமில்லாத ஒரு நிலையும் உண்டு. வீட்டில் ஒருவர், "விலை கம்மியா ஒரு பேக் போட்டு விடுங்க" என்று தாமே சொல்லியிருந்து, பட்டியலைப் பார்க்காமல் விட்டிருந்தால், போன சேனல் மாற்றத்தின் விளைவுதான். கடிதம் எழுதும் முன் வீட்டுக்குள் இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு "சரி" முழுக் கோரிக்கையையும் கவிழ்த்துவிடும்.

மேலே சொன்ன வீட்டின் கடிதம் கீழ்க்கண்டவாறு அமையலாம்.

*பெறுநர்: உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் (பெயர், முகவரி)*
*நகல்: எம்.எஸ்.ஓ. நிறுவனம், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு*
*தேதி: ஜூலை 5*

*பொருள்: கட்டணப் புகார். என் ஒப்புதல் இல்லாமல் பேக் மாற்றப்பட்டு, பணம் கட்டிய மூன்று சேனல்கள் நிறுத்தப்பட்டது; தொகையை வரவு வைக்கக் கோருதல்.*

*மதிப்பிற்குரிய ஐயா,*

*என் இணைப்பின் பாக்ஸ் எண், வி.சி. எண், பதிவு செய்த கைப்பேசி எண் ஆகியவை மேலே உள்ளன. நான் நெட்வொர்க் கட்டணத்தோடு ஒரு தொகுப்பும், தனிச் சேனல்களாக மூன்றும் (பெயர், எண், மாத விலை முறையே 19, 12, 6 ரூபாய்) பெற்றுவந்தேன். ஜூன், ஜூலை மாதங்களுக்கு முழுத் தொகையும் செலுத்தியுள்ளேன். ஜிபே ரசீதுகள் இணைப்பில் உள்ளன.*

*ஜூன் 10 முதல் இந்த மூன்று சேனல்களும் வரவில்லை. சந்தா இல்லை என்று திரையில் வருகிறது. என் இணைப்பு புதிய பேக்குக்கு மாற்றப்பட்டதாக ஜூன் 11 அன்று போனில் தெரிவித்தீர்கள். இந்த மாற்றத்தை நான் கேட்கவில்லை, ஒப்புதலும் தரவில்லை.*

*ஆகவே, ஜூன் 9 வரை இருந்த என் தேர்வை அப்படியே திரும்ப அமைத்துத் தரவும். ஜூன் 10 முதல் 30 வரை 21 நாளுக்கு ஜி.எஸ்.டி. உட்பட 30.56 ரூபாயும், ஜூலை 1 முதல் சேனல்கள் திரும்பும் நாள் வரை நாளொன்றுக்கு 1.41 ரூபாயும் ஆகஸ்ட் பில்லில் கழித்து, அந்தக் கழிவைப் பில்லில் தனி வரியாகக் காட்டவும். பேக் மாற்றம் யார் கோரிக்கையின் பேரில், எந்தத் தேதியில் பதிவானது என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும். இந்தப் புகாருக்கு எண் வழங்கவும்.*

*இப்படிக்கு,*
*(பெயர், முகவரி, கையொப்பம்)*

இந்தக் கடிதத்தில் சில சொற்கள் யோசித்து வைக்கப்பட்டவை. "கட்டணப் புகார்" என்று பொருள் வரியிலேயே சொன்னதற்குக் காரணம் உண்டு. சிக்னல் புகார் என்று பதிவானால் ரெஃப்ரெஷ் அடித்துவிட்டுத் தீர்ந்தது என்று மூடிவிடுவார்கள். பில் சம்பந்தமான புகாரை 7 நாளுக்குள் தீர்க்க வேண்டும், திருப்பித் தர வேண்டிய பணம் இருந்தால் 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது டிராய் வகுத்திருக்கும் கால அளவு. புகார் சரியான பெயரில் பதிவானால்தான் இந்தக் கணக்கு ஓடத் தொடங்கும்.

"அந்த மூன்று சேனலையும் சேர்த்துத் தரவும்" என்று எழுதாமல், முன்பிருந்த தேர்வைத் திரும்ப அமைக்கச் சொன்னதும் அப்படித்தான். சேர்த்துத் தரச் சொன்னால் அது புதிய ஆர்டர் ஆகிவிடும். புது பேக்கின் விலைக்கு மேல் 37 ரூபாய் ஏறும். ஜூன் மாற்றத்தைச் சந்தாதாரர் ஏற்றுக்கொண்டதாகவும் ஆகும். பேக் மாற்றத்தைப் பதிவு செய்தவர் யார் என்ற கேள்விக்கு எம்.எஸ்.ஓ.வின் கணினியில் பதில் இருக்கிறது. எந்த லாகினிலிருந்து, எந்த நேரத்தில் மாற்றம் நடந்தது என்று அது காட்டும். பல நேரம் இந்த ஒரு கேள்விக்காகவே மறுநாள் சேனல் திரும்பிவிடும்.

270 வாங்கினாலும் கணக்கை 267.86-இல் போட்டிருப்பதால் அறிவித்த விலையும் வரியும் மட்டுமே கடிதத்தில் நிற்கின்றன. சில்லறைக்காகக் கூடுதலாக வாங்கிய இரண்டு ரூபாய் வேறு சண்டை. அதை இதில் கலக்கத் தேவையில்லை.

பணம் கட்டியதற்கான அத்தாட்சி பல வீடுகளில் இருப்பதில்லை. ஆபரேட்டர் கொடுத்த அட்டையில் மாதத்துக்கு ஒரு கையெழுத்து இருந்தால் அதைப் படம் எடுத்து இணைக்கலாம். பணத்துக்கு ரசீது கேட்பது சந்தாதாரரின் உரிமை. கேட்டுத் தராவிட்டால், அடுத்த மாதத்திலிருந்து யு.பி.ஐ.யில் கட்டினாலே தேதியும் தொகையும் தானாகப் பதிவாகிவிடும். தகராறு தீரும்வரை பணம் கட்டாமல் நிறுத்துவது மட்டும் கூடாது. இணைப்பே துண்டாகும், பிறகு சேனல் போனதற்குக் காரணம் பாக்கி என்று எதிர்ப்பக்கம் சொல்ல வழி பிறக்கும்.

கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கலாம். வாங்க மறுத்தால் அதையே மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டு, எம்.எஸ்.ஓ.வின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசிப் புகார் எண் வாங்க வேண்டும். அந்த எண்ணைத் தேட வேண்டியதில்லை. 999-ஆம் சேனலில் வாடிக்கையாளர் சேவை விவரங்களைக் காட்ட வேண்டும் என்பது விதி. உள்ளூர் ஆபரேட்டர் வாய்மொழியாகச் சொல்லும் "கம்ப்ளெயின்ட் போட்டாச்சு" என்பது புகார் எண் ஆகாது.

அங்கும் தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்குப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். அவருடைய விவரமும் 999-இல் இருக்க வேண்டும். டிராய்க்கு எழுதினால் பணம் திரும்பும் என்று சிலர் நினைக்கிறார்கள். தனி ஒருவரின் புகாரை அந்த ஆணையம் விசாரித்துத் தீர்ப்பதில்லை. விதி வகுப்பதும் நிறுவனங்களைக் கண்காணிப்பதும்தான் அதன் வேலை. பணத்துக்கான வழி நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தால் நிறுவனத்துக்கு அந்தப் புகார் போய்ச் சேரும். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 43 ரூபாய்க்காக ஆணையம் வரை நடப்பவர் அரிது. ஆனால் நோடல் அதிகாரி மேசையில் அந்தக் கடிதத்தைப் படிப்பவருக்கு, அதே பேக்குக்கு மொத்தமாக மாற்றப்பட்ட மற்ற இணைப்புகளின் எண்ணிக்கையும் தெரியும்.

ஆகஸ்ட் பில் வந்ததும் பார்க்க வேண்டியது இரண்டு. கழிவு தனி வரியாக இருக்கிறதா என்பது ஒன்று; சில நேரம் அந்தத் தொகையைக் கழித்ததாகச் சொல்லிவிட்டு வேறு தலைப்பில் ஏற்றிவிடுவார்கள். பாக்ஸின் சந்தா விவரப் பக்கத்தில் பழைய தேர்வு வந்திருக்கிறதா, அல்லது புது பேக்கின் மேல் மூன்று சேனல் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது இன்னொன்று. ஒட்டப்பட்டிருந்தால் திரையில் எல்லாச் சேனலும் தெரியும், குறை எதுவும் கண்ணில் படாது. செப்டம்பரில்தான் மாதத் தொகை கூடி வரும்.